17 தனி வேலைகள், ஒரு மாதக் கட்டணம்: ஒரு காப்பிரைட்டிங் ரீடெயினரின் கணக்கு

ஒன்பது மாதங்களில் ஒரே கிளையன்ட்டுக்கு 17 பில் அனுப்பியிருந்தேன். கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் விற்கும் நிறுவனம் அது. அவர்களுடைய மார்க்கெட்டிங் மேலாளர்தான் எனக்கு வேலை கொடுப்பவர். நல்ல மனிதர், தெளிவாகப் பேசுவார், எழுத்தை மதிப்பவர். ஆனாலும் ஒவ்வொரு வேலையும் புதிதாகத்தான் தொடங்கும். அவர் கேட்பார், நான் கொட்டேஷன் அனுப்புவேன், அவர் நிதித் துறையிடம் ஒப்புதல் வாங்குவார், நான் எழுதுவேன், பில் போடுவேன், பணம் வரும்வரை நினைவூட்டுவேன். இரண்டு வாரம் கழித்து அதே வட்டம் மறுபடியும் சுற்றும்.

இந்தக் கிளையன்ட்டை ரீடெயினர் எனப்படும் நிலையான மாதக் கட்டணத்துக்கு மாற்ற நான் இரண்டு முறை முயன்றேன். முதல் முயற்சி மூன்றே மாதத்தில் உடைந்தது, இரண்டாவது 11 மாதம் ஓடியது. இரண்டுக்கும் நடுவே என் எழுத்தின் தரம் மாறவில்லை, அவர்களுடைய தேவையும் மாறவில்லை. எதை விற்கிறேன் என்பதும் அதற்கு எப்படி விலை வைக்கிறேன் என்பதும்தான் மாறின.

கணக்குக்குள் போகும் முன் ஒரு விஷயம். தொகைகளை எந்த நாட்டுப் பணத்திலும் சொல்லப் போவதில்லை. ஒரு மணி நேர உழைப்புக்கு எனக்குக் கிடைத்தாக வேண்டிய தொகையை 1 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். ஓர் ஆண்டுக்கு வேண்டிய வருமானம், தொழில் செலவு, வரி எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் பில் போட முடிகிற மணிகளால் வகுத்தால் அந்த 1 அலகு வரும். வாரம் 40 மணி மேசையில் உட்கார்ந்தாலும் எனக்கு 24 மணிக்கு மேல் பில் போட முடிந்ததில்லை. 40-ஆல் வகுத்துவிட்டு, கட்டணம் ஏன் போதவில்லை என்று நான் குழம்பிய வருடங்கள் உண்டு. உங்கள் 1 அலகு எவ்வளவு என்று தெரிந்தால், கீழே வரும் எண்களை அதனால் பெருக்கிக்கொள்ளலாம்.

பழைய பில்களைப் பிரித்துப் பார்த்தது

அந்த 17 பில்களையும் ஒரு நாள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழு வேலைகள் மின்னஞ்சல் தொடர்கள், மொத்தம் 22 மின்னஞ்சல்கள். ஐந்து கட்டுரைகள், மூன்று லேண்டிங் பேஜ், இரண்டு விளம்பரத் தொகுப்பு. என் விலைப்பட்டியல்படி ஒரு மின்னஞ்சல் 2.5 அலகு, கட்டுரை 8, லேண்டிங் பேஜ் 12, விளம்பரத் தொகுப்பு 4. எல்லாம் சேர்ந்து 139 அலகு. மாத சராசரி பதினைந்தரைக்குக் கொஞ்சம் குறைவு.

சராசரி பார்க்க அழகாக இருந்தது. மாதவாரியாகப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஒரு மாதத்தில் 31 அலகு, இரண்டு மாதங்களில் பூஜ்யம்.

அடுத்து நேரக் குறிப்பேட்டைத் திறந்தேன். எழுதவும் திருத்தவும் 118 மணி நேரம் ஆகியிருந்தது. அதற்கு வெளியே, கொட்டேஷன் தயாரிப்பது, ஒப்புதலுக்குக் காத்திருந்து விசாரிப்பது, பில் அனுப்பி நினைவூட்டுவது, இடைவெளிக்குப் பிறகு அவர்களுடைய மென்பொருளில் என்னென்ன மாறியது என்று மறுபடி தெரிந்துகொள்வது என்று வேலைக்கு இரண்டே கால் மணி வீதம் 38 மணி போயிருந்தது. மொத்தம் 156 மணி. 139-ஐ 156-ஆல் வகுத்தால் மணிக்கு 0.89 அலகு. விலைப்பட்டியல் சரியாகத்தான் இருந்தது. வேலைகளுக்கு இடையிலிருந்த சந்துகளில்தான் பணம் கசிந்துகொண்டிருந்தது.

ரீடெயினருக்கு யார் பொருந்துவார் என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு கிளையன்ட் நம்மை விரும்புகிறாரா என்பது போதாது. அவரிடம் திரும்பத் திரும்ப வரும் வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த 17-ல் மின்னஞ்சலும் கட்டுரையும் திரும்ப வருகின்றன, லேண்டிங் பேஜ் அப்போதைக்கு அப்போது வருகிறது. இன்னொரு கிளையன்ட் எனக்கு இதைவிடப் பெரிய தொகை கொடுத்திருந்தார். ஆனால் அது முழு இணையதளத்தையும் ஒருமுறை மாற்றி எழுதும் வேலை, முடிந்தால் முடிந்ததுதான். அவரிடம் மாதக் கட்டணம் பேசியிருந்தால், மூன்றாம் மாதம் இருவருமே செய்ய வேலை தேடிக்கொண்டிருப்போம்.

முதல் முயற்சி: 20 மணி நேரம்

நான் கொண்டுபோன முதல் திட்டம் பலரும் கொண்டுபோவதுதான். மாதம் 20 மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குகிறேன், மொத்தமாக எடுப்பதால் மணிக்கு 1 அலகுக்குப் பதில் 0.8, ஆக மாதம் 16 அலகு. பயன்படுத்தாத மணிகள் அடுத்த மாதத்துக்குச் சேரும். அவர்கள் வழக்கமாகச் செலவழிக்கும் பதினைந்தரைக்கு அருகில் இருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

முதல் மாதம் 18 மணி ஓடியது. இரண்டாம் மாதம் 11 மணிதான். மூன்றாம் மாதம் அவர்கள் மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். முதல் மாதத்து 2, இரண்டாம் மாதத்து 9, அந்த மாதத்து 20 என்று 31 மணியையும் பத்தே நாளில் கேட்டார்கள். கேட்டதில் தவறே இல்லை, நான்தான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பத்து நாளில் வேறொரு வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மணிகள் சேர்வது என்றால், நான் ஏற்கெனவே வேறு வேலைக்கு விற்றுவிட்ட நேரத்தை இன்னொருவருக்கும் கடனாக வைத்திருக்கிறேன் என்று பொருள். அது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அதைவிட ஆழமான சேதம் ஒன்று இருந்தது. அவர்களுடைய மென்பொருளும் வாசகர்களும் பழகப் பழக நான் வேகமாக எழுத ஆரம்பித்திருந்தேன். முன்பு இரண்டு மணிக்கு மேல் ஆன மின்னஞ்சல் ஒன்றரை மணியில் முடிந்தது. தனி வேலையாக இருந்தபோது அதற்கு 2.5 அலகு வாங்கினேன். இப்போது ஒன்றரை மணி பெருக்கல் 0.8, அதாவது 1.2 அலகு. அதே மின்னஞ்சல், அதே தரம், அதே பலன், விலை மட்டும் பாதிக்கும் கீழே. திறமை கூடக் கூட வருமானம் குறையும் ஏற்பாட்டுக்கு நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அவர்கள் பக்கமும் சங்கடம் இருந்தது. மணிக் கணக்கு வந்ததும் மேலாளர் மணியைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருமுறை, "இந்த ஒரு மெயிலுக்கு 2 மணி 40 நிமிஷமா?" என்று கேட்டார். அது நான்கு வாடிக்கையாளர்களின் பதிவுசெய்த உரையாடலைக் கேட்டுவிட்டு எழுதிய மின்னஞ்சல். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இருவர் நிமிடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

மூன்றாம் மாத முடிவில் நானே நிறுத்தினேன். "பழையபடி தனி வேலையாவே செய்வோம், ரெண்டு மாசம் கழிச்சு வேற மாதிரி ஒண்ணு கொண்டு வர்றேன்" என்று சொன்னேன். அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டாவது முயற்சி: எதை விற்பது

அந்த இரண்டு மாதமும் அவர் பேசுவதைக் கூர்ந்து கவனித்தேன். ஒருநாள் போனில் வேறு எதையோ பேசும்போது சொன்னார்: "வாரம் ஒரு மெயில் போகணும்னு வருஷ ஆரம்பத்துலயே முடிவு பண்ணோம். அப்ரூவல் வாங்கி முடிக்கறதுக்குள்ள வாரம் போயிடுது."

எனக்குத் தேவையான பதில் அதில் இருந்தது. ஒன்பது மாதத்தில் 22 மின்னஞ்சல் என்றால் மாதம் இரண்டரைகூட இல்லை. அவர்களுக்கு வேண்டியது நான்கு. பணம் இல்லாததால் குறையவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புதல் தேவைப்பட்டதால் குறைந்தது. அவர்கள் வாங்க விரும்புவது என் 20 மணி நேரத்தை அல்ல, தவறாமல் வாரம் ஒரு மின்னஞ்சல் போவதை.

ஆகவே இந்த முறை என் குறிப்பில் 'ரீடெயினர்' என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே வேலை இல்லாத மாதத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்ற பயம் நிதித் துறைக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினேன். அதன் தொடக்கம் இப்படி இருந்தது:

"கடந்த ஒன்பது மாதத் தனி வேலைகளில் 22 மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. வாரம் ஒன்று என்ற உங்கள் திட்டப்படி 39 போயிருக்க வேண்டும். நீங்கள் கேட்ட நாளிலிருந்து நான் எழுதத் தொடங்கும் நாள்வரை ஒவ்வொரு முறையும் சராசரியாக ஆறு வேலை நாள் ஆகியிருக்கிறது. அந்த ஆறு நாளை எடுத்துவிடுவதுதான் இந்தத் திட்டம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு மின்னஞ்சல் உங்கள் கையில் தயாராக இருக்கும்."

குறிப்பில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களுடைய எண்களையே திருப்பிக் காட்டினேன், அவ்வளவுதான். முடிந்த வேலைகளின் தேதிகளைக் குறித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அனுப்பிய நேரத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மென்பொருள் வெளியீட்டுக்காக எழுதிய மின்னஞ்சல் தொடருக்கு நல்ல பலன் வந்து, அந்த மகிழ்ச்சி ஆறாமல் இருந்த வாரம் அது. பில் பாக்கி இருக்கும்போதோ, திருத்தங்களில் இருவரும் சலித்திருக்கும்போதோ இந்தப் பேச்சை எடுத்தால் எடுபடாது.

கட்டணம் எப்படி வந்தது

முதலில் நான் போட்ட கணக்கு: மாதம் நான்கு மின்னஞ்சல், 10 அலகு. ஒரு கட்டுரை, 8 அலகு. விளம்பர வரிகளோ பழைய பக்கங்களில் சிறு மாற்றமோ, எது வேண்டுமானாலும் செய்துகொள்ள 4 அலகு அளவுக்கு ஒரு மாறும் பகுதி. மாதம் ஒரு திட்டமிடல் பேச்சும், போன மாத மின்னஞ்சல்களின் முடிவுகளை நான் படித்துப் பார்ப்பதும் சேர்த்து 2 அலகு. மொத்தம் 24.

கடைசி 2 அலகைப் பலர் போடுவதில்லை. பேச்சுதானே, இலவசமாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தனி வேலைக்கும் மாத ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த இரண்டு மணியில்தான் இருக்கிறது. எந்த மின்னஞ்சலை மக்கள் திறந்தார்கள், எதில் சொடுக்கினார்கள், எதைப் பார்த்துப் பட்டியலிலிருந்து விலகினார்கள் என்று பார்த்து அடுத்த மாதத்தை முடிவுசெய்யும் வேலை அது. இதை இலவசமாகச் செய்தால், நெருக்கடியான மாதத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவாகத்தான் இருக்கும்.

மேலாளர் படித்துவிட்டு அழைத்தார். "திட்டம் பிடிச்சிருக்கு. ஆனா என்னால 20 வரைக்கும்தான் போக முடியும். மாசாமாசம் நிச்சயமா வர்ற பணம்தானே, கொஞ்சம் குறைச்சுக்கலாமே?"

முதல் முயற்சியில் இதே கேள்விக்கு அவர் கேட்கும் முன்பே 20 சதவீதத்தைக் கொடுத்திருந்தேன். இப்போது சொன்னது: "20-க்கு வர்றேன். ஆனா விலையைக் குறைக்காம வேலையைக் குறைக்கிறேன். கட்டுரை மாசா மாசம் வேண்டாம், ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் வரட்டும்." கட்டுரைக்கு மாதம் 8 என்பது 4 ஆனது, 24 என்பது 20 ஆனது. ஒரு மின்னஞ்சலின் விலை 2.5 ஆகவே நின்றது. மூன்று மாதப் பணத்தையும் மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் 5 சதவீதம் குறைக்கிறேன் என்றும் சொன்னேன். அதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, சரி.

நிச்சயமான வருமானத்துக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிச்சயம் இரண்டு பக்கமும் போகிறது. அவர்களுக்கு வரிசையில் முதல் இடம் கிடைக்கிறது, ஆறு நாள் காத்திருப்பு போகிறது, மென்பொருளை மறுபடி விளக்க வேண்டியதில்லை. அதனால் தள்ளுபடி தந்தால் அதற்கு ஈடாகக் கையில் பிடிக்கக்கூடிய ஒன்று வர வேண்டும் என்பது என் முடிவு: மொத்தமாக முன்பணம், அல்லது நீண்ட கால உறுதி. இரண்டும் இல்லாமல் தரும் தள்ளுபடியைப் பிறகு திரும்பப் பெறவே முடியாது.

20 அலகு என் பக்கம் சரிவருமா என்று மூன்று வகை மாதங்களை வைத்துச் சோதித்தேன். இரண்டு சுற்றுத் திருத்தத்தோடு சேர்த்து ஒரு மின்னஞ்சலுக்கு இப்போது 1.7 மணி ஆகிறது, நான்குக்கு 6.8. கட்டுரைக்கு ஆறரை மணி. மாறும் பகுதிக்கு மூன்றரை. திட்டமிடலும் பேச்சும் 2, பில் போன்ற சில்லறை வேலை 1. சராசரி மாதத்தில் கட்டுரையில் பாதியை வைத்துக் கூட்டினால் ஏறக்குறைய பதினாறரை மணி, அதாவது மணிக்கு 1.2 அலகு. கட்டுரையும் இல்லாமல் மாறும் பகுதியும் பயன்படாத அமைதியான மாதத்தில் பத்து மணிக்குள் முடிந்துவிடும். மோசமான மாதம் எப்படி இருக்கும்? கட்டுரையும் உண்டு, மாறும் பகுதியும் முழுதாகப் போகிறது, திருத்தங்களும் இழுக்கின்றன என்றால் 22 மணி, அப்போது மணிக்கு 0.91.

நான் எனக்கே வைத்துக்கொண்ட வரம்பு இதுதான்: சராசரி மாதம் 1-க்கு மேல் இருக்க வேண்டும், மிக மோசமான மாதமும் 0.85-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டிலும் தேறியதால் 20-க்கு ஒத்துக்கொண்டேன். சராசரியை மட்டும் பார்த்து விலை வைத்தால், வேலை குவியும் மாதத்தில் கிளையன்ட் மீது தேவையில்லாத கோபம் வரும். அவர் ஒப்பந்தப்படிதான் கேட்டிருப்பார், பாவம்.

மேல் வரம்பையும் ஒரு பார்வை பார்த்தேன். இதே வேலைக்கு அவர்கள் ஒரு முழுநேர எழுத்தாளரை வைத்தால் ஆகும் செலவில் என் கட்டணம் எவ்வளவு பங்கு என்று. பாதியைத் தாண்டினால், ஆள் எடுக்கலாமே என்ற கேள்வி அவர்களுடைய அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் தானாக எழும். 20 அலகு அதற்கு வெகு கீழே இருந்தது. இன்னொரு பக்கம், என் மாத வருமானத்தில் எந்த ஒரு கிளையன்ட்டும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் என் விதி. அதற்கும் உட்பட்டுத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தில் எழுதிய வரிகள்

எல்லா வரிகளையும் சொல்லப் போவதில்லை. மாதத்தின் முதல் நாளில் பணம், பணம் வந்த பிறகு வேலை. முதல் மூன்று மாதம் சோதனை, அதன் பிறகு யார் நிறுத்தினாலும் 30 நாள் முன்னறிவிப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம், திருத்தம் சொல்பவர் ஒரே ஒருவர். லேண்டிங் பேஜ் இதில் சேராது, அதற்குத் தனி விலை. இவை பலருடைய ஒப்பந்தங்களிலும் இருப்பவைதான்.

பயன்படாத வேலையை என்ன செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல். முதல் முயற்சி உடைந்ததே அங்கேதான். இந்த முறை மாறும் பகுதியின் 4 அலகு மட்டும் ஒரே ஒரு மாதம் தள்ளிப் போகலாம் என்று வைத்தேன். மின்னஞ்சலும் கட்டுரையும் சேராது. ஆனால் சேராது என்று மட்டும் எழுதினால் போதாது. பிரீஃப் தர அவர்கள் மறந்த மாதத்தில் நான் சும்மா இருந்து பணம் வாங்கினால், அடுத்த மாதம் நிதித் துறை இந்த வரியைத்தான் முதலில் வெட்டும். மாத ஒப்பந்தங்கள் வேலை அதிகமாகிச் சாவதைவிட, வேலை இல்லாமல் சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்படி ஒரு வரி சேர்த்தேன்: "முந்தைய மாதம் 20-ஆம் தேதிக்குள் தலைப்புகள் வராவிட்டால், கைவசமுள்ள பட்டியலிலிருந்து நான் தேர்ந்தெடுத்து எழுதுவேன்." அந்தப் பட்டியலில் எப்போதும் ஆறு தலைப்பாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கிளினிக் வரவேற்பில் இருப்பவர்கள் அவர்களுடைய உதவி மையத்திடம் கேட்கும் கேள்விகளிலிருந்து அவற்றை எடுத்தேன். முதல் ஆறு மாதத்தில் இரண்டு மாதம் தலைப்பு வரவில்லை. இரண்டு மாதமும் நான்கு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்று, நோயாளி வராமல் போன நேரத்தைக் காத்திருப்போரை வைத்து எப்படி நிரப்புவது என்பதைப் பற்றியது. அந்தக் காலாண்டில் அதற்குத்தான் அதிகம் பதில் வந்தது.

நான்காம் மாதம் நடந்தது

சோதனை மூன்று மாதமும் நன்றாக ஓடியது. நான்காம் மாதம் எனக்குக் காரணம் தெரியாத களைப்பு. குறிப்பேட்டைப் பார்த்தால் அந்த மாதம் 24 மணிக்கு மேல் போயிருந்தது. மணிக்கு 0.82, நான் வைத்த வரம்புக்குக் கீழே.

எங்கே போயிற்று என்று தேடினேன். கட்டுரை மாதம், மாறும் பகுதியில் ஒரு விளம்பரத் தொகுப்பு, அதுவரை எதிர்பார்த்ததுதான். அதற்கு மேல் ஒன்பது சின்ன வேலைகள். "இந்த ரெண்டு வரி சரியா இருக்கான்னு பாருங்களேன்", "கட்டண நினைவூட்டல் மெயிலுக்கு ஒரு தலைப்பு", "நம்ம நிறுவனர் ஒரு கூட்டத்துல பேசறார், முதல் பத்தி மட்டும்" என்று. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அரை மணியைத் தாண்டவில்லை. சேர்த்தால் நாலரை மணி.

இதில் கிளையன்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் சக ஊழியரிடம் கேட்பதைப் போலக் கேட்டார். அந்த நெருக்கம்தான் இந்த ஏற்பாட்டின் பலம், அதை வெட்டிவிடவும் கூடாது. மறுப்பதற்குப் பதிலாக எண்ண ஆரம்பித்தேன். ஒரு சின்ன வேலைக்கு 0.5 அலகு, அது மாறும் பகுதியில் கழியும். மாத இறுதியில் நான் அனுப்பும் ஐந்து வரிக் குறிப்பில் அதற்கு ஒரு வரி:

"மாறும் பகுதி: 4 அலகு. விளம்பர வரிகள் 2, சின்ன வேலைகள் நான்கு, 2 அலகு. மீதி இல்லை. அடுத்த மாத நிறுவனர் உரையை இதிலேயே சேர்க்கலாமா, தனி வேலையாக எடுக்கலாமா?"

விளக்கமோ முறையீடோ அதில் இல்லை. அடுத்த மாதமே அவர் கேட்கும் விதம் மாறியது: "இது அரை அலகுதானே, வாங்கிக்கோங்க." எதை மாறும் பகுதியில் செலவழிப்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்.

ஆறாம் மாத முடிவில் கட்டணத்தை உயர்த்த உதவியதும் அந்த வரிதான். தொடர்ந்து மூன்று மாதம் 'மீதி இல்லை' என்று இருந்ததைச் சுட்டி, மாறும் பகுதியை 4-லிருந்து 7 ஆக்கலாமா என்று கேட்டேன். 20 என்பது 23 ஆனது. ஒரு நாள்தான் யோசித்தார்கள். வெறும் விலை உயர்வாகக் கேட்டிருந்தால் அதே 3 அலகுக்கு எத்தனை வாரம் பேச வேண்டியிருந்திருக்குமோ.

முடிந்த விதம்

10-ஆம் மாதத்தில் அந்த மேலாளர் வேறு வேலைக்குப் போனார். புதிதாக வந்தவர் தன்னுடன் முன்பு வேலை பார்த்த ஓர் எழுத்தாளரை முழுநேரமாக எடுத்துக்கொண்டார். 30 நாள் முன்னறிவிப்பு ஒழுங்காக வந்தது. ஒரு நபரின் நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு அந்த நபர் போனால் ஆட்டம் காணும், ஒப்பந்த வரி எதுவும் அதைத் தடுக்காது. புதிய ஒருவர் பொறுப்புக்கு வருகிறார் என்று தெரிந்ததுமே, அவர் கேட்கும் முன் அதுவரையிலான முடிவுகளை ஒரு பக்கத்தில் அவர் கையில் சேர்த்திருக்க வேண்டும். நான் மூன்று வாரம் கழித்து அனுப்பினேன், அதற்குள் அவர் முடிவுசெய்துவிட்டார்.

மொத்தக் கணக்கு இது. ஆறு மாதம் 20 வீதம் 120, ஐந்து மாதம் 23 வீதம் 115, ஆக 235 அலகு. போன நேரம் 201 மணி. மணிக்கு 1.17 அலகு, தனி வேலைகளாக இருந்தபோது 0.89. பூஜ்ய மாதம் ஒன்றுகூட இல்லை. பணத்துக்காக நினைவூட்டியது ஒரே ஒரு முறை, அதுவும் அவர்களுடைய வங்கி விடுமுறையால் தாமதமானது.

கடைசி மாதத்தின் மாறும் பகுதியை, புதிய எழுத்தாளருக்கான கையேடு எழுதச் செலவழித்தோம்: எந்தத் தலைப்புகள் எடுபட்டன, எந்தச் சொற்களை கிளினிக்காரர்கள் பயன்படுத்துவதில்லை, பட்டியலில் இன்னும் எழுதாமல் இருக்கும் தலைப்புகள் எவை என்று. அதற்கு இரண்டு மாதம் கழித்து அந்தப் புதிய எழுத்தாளரிடமிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டணப் பக்கத்தை முழுதாக மாற்றி எழுத வேண்டும், தன்னிடம் நேரம் இல்லை, தனி வேலையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். 12 அலகுக்குக் கொட்டேஷன் அனுப்பினேன்.